கண்டிப்பான பொறுப்பு (தீங்கியல் சட்டம்)

ஆபத்தான பொருளையோ தொழிலையோ தன் பொறுப்பில் வைத்திருப்பவர், அதனால் பிறருக்கு நேரும் சேதத்துக்குத் தன்மேல் தவறு இல்லாதபோதும் ஈடுகட்ட வேண்டும் என்ற சட்டக் கோட்பாடு. கவனக்குறைவு வழக்கில் வாதி முதலில் பிரதிவாதியின் தவறை மெய்ப்பித்தாக வேண்டும். இங்கே அந்தச் சுமை இல்லை.

இங்கிலாந்தின் லங்காஷயரில் ரைலண்ட்ஸ் என்ற ஆலை உரிமையாளர், பொறியாளரையும் ஒப்பந்தக்காரரையும் அமர்த்தி நீர்த்தேக்கம் கட்டினார். அடியில் கைவிடப்பட்ட பழைய சுரங்கக் குழிகள் இருந்தது அவருக்குத் தெரியாது. 1860இல் அவற்றின் வழியே நீர் உடைத்துக்கொண்டு பக்கத்திலிருந்த ஃபிளெட்சரின் சுரங்கத்தை மூழ்கடித்தது. ரைலண்ட்ஸிடம் கவனக்குறைவு ஏதும் இல்லை. ஆனாலும், தப்பினால் தீங்கு செய்யக்கூடியதை நிலத்தில் கொண்டுவந்து சேர்த்தவரே அதற்குப் பொறுப்பு என்று பிரபுக்கள் சபை 1868இல் உறுதி செய்தது. நிலத்தின் பயன்பாடு இயல்புக்கு மாறானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அப்போதே சேர்ந்தது. இயற்கைச் சீற்றம், மூன்றாம் நபரின் செயல், வாதியின் சம்மதம், சட்டத்தின் அனுமதி எனப் பல விதிவிலக்குகளும் இக்கோட்பாட்டோடு ஒட்டிக்கொண்டன.

இந்தியாவில் அந்த விதிவிலக்குகள் அடைபட்டது ஒரு ரசாயனக் கசிவால். போபால் துயரம் நடந்து ஓராண்டு ஆகியிருந்தது. 1985 டிசம்பர் 4 அன்று, டெல்லியில் மக்கள் நெருக்கமாக வாழும் பகுதியிலிருந்த ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் தொட்டியைத் தாங்கிய கட்டுமானம் சரிந்து தொட்டி உடைந்தது. ஓலியம் என்பது கந்தக மூவாக்சைடு கரைந்த கந்தக அமிலம். காற்றின் ஈரம் பட்டதும் அமிலப் புகையாகப் பரவும். தீஸ் ஹசாரி நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவர் இறந்தார், பலர் பாதிக்கப்பட்டனர்.

இதைக் கவனக்குறைவு வழக்காக நடத்தினால், தாங்கி எப்போது துருப்பிடித்தது, கடைசியாகப் பரிசோதித்தவர் யார், என்ன குறை கண்டார் என்பதையெல்லாம் புகையைச் சுவாசித்தவரே நிரூபிக்க வேண்டும். அந்தப் பதிவேடுகளோ ஆலைக்குள் இருக்கும். ரைலண்ட்ஸ் விதியின்படி நடத்தினால் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை; ஆனால் வெளியாள் யாரோ செய்த நாசவேலை என்று சொல்லி ஆலை தப்பிக்கப் பார்க்கலாம்.

இந்தக் கசிவு குறித்த எம்.சி. மேத்தா வழக்கில் 1986 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி பகவதி தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்த வாசலையும் மூடியது. அபாயகரமான தொழிலை லாபத்துக்காக நடத்தும் நிறுவனத்தின் பொறுப்பு முழுமையானது. அதற்கு எந்த விதிவிலக்கும் இல்லை. நிறுவனம் பெரிதாக, வளம் மிக்கதாக இருக்க இருக்க இழப்பீடும் பெரிதாக வேண்டும் என்றது. இந்தக் கடைசிப் பகுதியே தீர்ப்பின் துணிச்சல். ஆனால் ஸ்ரீராம் தனியார் நிறுவனம் என்பதால், அதற்கு எதிராக அடிப்படை உரிமை வழக்கு செல்லுமா என்ற கேள்வியை அமர்வு முடிவு செய்யாமல் விட்டது. ஆகவே இழப்பீட்டுத் தொகை அங்கே நிர்ணயிக்கப்படவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்காக உரிய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கும்படி டெல்லி சட்ட உதவி வாரியத்துக்கு உத்தரவிடப்பட்டது.

இதனால், முழுப் பொறுப்பு பற்றிக் கூறியது கட்டுப்படுத்தும் தீர்ப்பா, போகிற போக்கில் சொன்ன கருத்தா என்ற சர்ச்சை எழுந்தது. ராஜஸ்தானின் பிச்ரி கிராமத்தை ரசாயனக் கழிவு பாழாக்கிய வழக்கில், அதுவே சட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் உறுதிப்படுத்தியது. 2010இன் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், விபத்துகளில் தவறு பாராப் பொறுப்பைப் பின்பற்றச் சொல்கிறது. 2020 மே மாதம் விசாகப்பட்டினத்தில் ஓர் ஆலையிலிருந்து ஸ்டைரீன் கசிந்தபோது, மறுநாளே 50 கோடி ரூபாயை முன்பணமாகக் கட்டும்படி அத்தீர்ப்பாயம் ஆலைக்கு ஆணையிட்டது.

தவறை நிரூபிக்க வேண்டாம் என்றாலும், தன் நோய்க்கு அந்தக் கசிவே காரணம் என்பதை வாதி இன்னும் காட்டியாக வேண்டும். ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவரின் நுரையீரலில் எந்தப் பாதிப்பு புகையால் வந்தது எனப் பிரித்தறிய, கசிந்த அன்றே எழுதப்பட்ட மருத்துவமனைப் பதிவு பெரிதும் உதவும்.