போயா வாரம்

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் இருவகைக் கணக்குகள் அருகருகே அமைந்துள்ளன. சித்திரைப் புத்தாண்டு, ஞாயிறு மேட இராசியிற் புகும் வேளையைச் சார்ந்தது; ஆதலின் அது ஏப்பிரல் 13, 14 ஆம் நாட்களைவிட்டு அகல்வதில்லை. வெசாக் பூரணையோ திங்களைப் பின்பற்றுவதால் ஆண்டுதோறும் இடம் மாறுகின்றது. திருநாள் மாறுவதால் எவருக்கும் பெருந்தொல்லையில்லை. ஆனால் வார ஓய்வையே திங்களின் வசம் ஒப்படைத்தால் யாது நேரும்? இலங்கை அதனை 1966 முதல் 1971 வரை கண்டறிந்தது.

பௌத்தர் சீலம் அனுட்டிக்கும் போயா நாட்கள் மாதத்தில் நான்கு: பூரணை, அமாவாசை, இரு அட்டமிகள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை அந்நியராட்சி விட்டுச்சென்ற வழக்கம் என்ற குறை நெடுநாளாக இருந்தது. அக்குறையில் நியாயம் இல்லாமலில்லை. டட்லி சேனநாயக்கா பிரதமராயிருந்த காலத்தில், 1966 இல், ஞாயிறு நீங்கிப் போயா வார விடுமுறையாயிற்று. போயாவுக்கு முந்திய நாள் அரைநாள் வேலையோடு நின்றது.

இடர்ப்பாடு கணக்கிலே தொடங்கிற்று. ஒரு பூரணையிலிருந்து மறு பூரணைக்கு ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாட்கள். அதனை நான்காக வகுத்தால் ஏழு நாளும் ஒன்பது மணித்தியாலமும் வரும். அந்த ஒன்பது மணித்தியாலந்தான் அனைத்தையும் குலைத்தது. 2024 ஆம் ஆண்டை எடுத்துப் பார்ப்போம். வெசாக் பூரணை மே 23, வியாழன். வானியற் கணக்கில் தேய்பிறையின் பாதிமதி மே 30, அமாவாசை யூன் 6, இரண்டும் வியாழனே. வளர்பிறையின் பாதிமதியோ யூன் 14, வெள்ளி. பொசன் பூரணை யூன் 21, அதுவும் வெள்ளி. இடையில் ஒரு வாரம் எட்டு நாளாக நீண்டுவிட்டதைக் காண்கிறீர்கள். இவ்வாறு ஓய்வு நாள் கிழமைகளினூடே நகர்ந்துகொண்டே செல்லும். ஆண்டில் 52 ஞாயிறுகள் வரும் இடத்தில் போயாக்கள் 49 அல்லது 50 தாம்.

ஏழுநாட் கிழமை ஞாயிற்றையும் சாராதது, திங்களையும் சாராதது; தன்போக்கிற் சுழல்வது. கிறித்தவரின் ஞாயிறு ஆராதனையும், முசுலிம்களின் வெள்ளி யும்ஆத் தொழுகையும், சைவரின் வெள்ளி விரதமும் அதனையே பற்றி நிற்பவை. ஆகவே ஒரு சமயத்தாரின் நோன்பு நாள் ஓய்வு நாளாக, பெரும்பாலான ஞாயிறுகள் வேலை நாட்களாயின. பாடசாலை நேரசூசி வரையும் தொழிலுடையேன். திங்கட்கிழமைப் பாடம் ஒரு வாரம் நடந்து மறுவாரம் விடுமுறையில் மறைவதை எண்ணினாலே எனக்குத் தலை சுற்றுகிறது.

எனினும் வழிபாட்டு முறையீடுகளைவிட வணிகத்தின் முறையீடே வலுவாயிருந்தது. இலண்டன் வங்கிகள் திறந்திருக்கும் நாளிற் கொழும்பு மூடியிருக்கும்; கொழும்பு திறந்திருக்கும் ஞாயிற்றில் இலண்டன் மூடியிருக்கும். 1971 இல், சிறிமாவோ பண்டாரநாயக்கா ஆட்சியில், சனியும் ஞாயிறும் மீண்டன. பூரணைப் போயா மட்டும் பொது விடுமுறையாக நிலைத்தது. சில ஆண்டுகளிற் பூரணைகள் பதின்மூன்று வரும். 2023 இல் அதி எசல என்ற பெயரோடு வந்தது அத்தகைய மிகைப் பூரணையே.