இரண்டு மணி அடித்தால் குட்நைட்

செம்பூர் சேடா நகர் முருகன் கோவிலில் போன வாரம் ஒரு பையனைப் பார்த்தேன். ஊரிலிருந்து வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறதாம். "தினமும் அம்மா குட்மார்னிங் படம் அனுப்புறாங்க அங்கிள், பதில் போட்டே சலிச்சுப் போச்சு" என்றான். சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் வீடு வரும் வரை பழைய கதைதான் ஓடிக்கொண்டிருந்தது.

நான் 1991ல் செம்பூர் வந்தபோது காலை வணக்கம் சொல்ல வழியே கிடையாது. இன்லேண்ட் லெட்டர் மாயவரம் போய்ச் சேர நாலைந்து நாள். 'எனக்கு ஜுரம்' என்று எழுதினால், அம்மா படிக்கும்போது ஜுரம் விட்டிருக்கும். அவள் கவலைப்பட்டு எழுதிய பதில் வரும்போது எனக்கு ஜுரம் வந்ததே மறந்திருக்கும். கடிதத்தில் பாசம் இருந்தது, 'இன்று' மட்டும் இல்லை.

அடுத்து எஸ்டிடி பூத் காலம். இரவு 11 மணிக்கு மேல் கால் பங்குக் கட்டணம். அதனால் ஸ்டேஷன் பக்கத்து மஞ்சள் போர்டு பூத்தில் பத்தே முக்காலுக்கே வரிசை நிற்கும். எங்கள் குட்நைட் நேரத்தை முடிவு செய்தது தூக்கம் இல்லை, தொலைபேசிக் கட்டணம்! எட்டு மணிக்குத் தூங்குகிற அம்மா எதிர்வீட்டு மாமாவின் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பதினொன்று வரை விழித்திருப்பாள். அவர்கள் வீட்டில்தான் போன். பேசுவது மூன்று நிமிடம். அதிலும் பாதி "சாப்டியா", "கேக்குதா".

தொண்ணூறுகளின் கடைசியில் இரண்டு வீட்டிலும் போன் வந்தது. தினமும் பேசக் கட்டுப்படியாகாது. நம் மக்கள் கண்டுபிடித்த வழிதான் மிஸ்டு கால். எடுத்துப் பேசினால்தானே காசு? இரவு இரண்டு மணி அடித்துவிட்டு வைத்துவிட்டால் 'ரூமுக்கு வந்துட்டேன், குட்நைட்' என்று பொருள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் காதில் கேட்கும் ரிங்கும் அங்கே அடிக்கும் மணியும் ஒரே நேரத்தில் ஒலிப்பதில்லை. நான் இரண்டு என்று எண்ணி வைத்தால், அங்கே ஒன்றாகவோ மூன்றாகவோ அடித்திருக்கும். யார் கூப்பிட்டது என்று காட்ட அந்த போனில் திரையும் இல்லை. ஒரு நாள் மூன்று அடித்துவிட, 'மூணு அடிச்சா அவசரம்னுதானே பேச்சு' என்று அம்மா பதறி, எதிர்வீட்டு மாமாவை எழுப்பி, எனக்கு போன் போட்டுவிட்டாள். அன்றோடு எண்ணிக்கையை விட்டுவிட்டு நேரத்தைப் பிடித்துக்கொண்டோம். சரியாக ஒன்பதரைக்கு அடித்தால் நான்தான், எத்தனை அடித்தாலும் குட்நைட்தான்.

2003 மே மாதம் முதல் செல்போனில் இன்கமிங் இலவசம் ஆனது. அம்மா கையிலும் ஒரு போன். எஸ்எம்எஸ் ஆங்கில எழுத்தில் 160 வரும், தமிழில் 70தான். பல போன்களில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரியும். அதனால் அம்மா பேத்தியிடம் gm, gn இரண்டை மட்டும் கற்றுக்கொண்டாள். தீபாவளி அன்று எஸ்எம்எஸ் பேக் செல்லாது, முழுக் கட்டணம். அன்றைக்கும் அனுப்பினாள். "அந்த ரூபாயில என்னடா வந்துடப் போகுது" என்றாள்.

பிறகு வாட்ஸப். ரோஜாப்பூ, பிள்ளையார், காபி டம்ளர். இந்தியர்களின் குட்மார்னிங் படங்களால் போன்கள் நிரம்பி வழிகின்றன என்று 2018ல் கூகுள் ஆட்களே கண்டறிந்தது செய்தியாக வந்தது. நானும் சலித்துக்கொண்டவன்தான்.

2019ல் ஒரு ஜூலை காலை. ஆறரைக்கு வர வேண்டிய பிள்ளையார் ஏழு வரை வரவில்லை. நானே குட்மார்னிங் அனுப்பினேன். ஒரு டிக் மட்டும் விழுந்திருந்தால் கரண்ட் இல்லை, போன் அணைந்திருக்கிறது என்று விட்டிருப்பேன். இரண்டு சாம்பல் டிக் விழுந்தது. போன் உயிரோடு இருக்கிறது, அம்மா பார்க்கவில்லை. கூப்பிட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது. எதிர்வீட்டு மாமாவின் மகனை ஓடச் சொன்னேன். கிணற்றடியில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு உடைந்து கிடந்தாள். விழுந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அன்று சாயங்காலம் வரை அந்த வீட்டுக்கு வேறு யாரும் வரவேண்டிய வேலை இல்லை.

அந்தப் படங்களில் செய்தி என்று எதுவும் இல்லைதான். தினமும் அதே நேரத்தில் வருவதுதான் செய்தி. வராத நாளில்தான் அது புரிந்தது. எப்போதாவது அனுப்புகிறவர்களிடம் வராமல் போனால் யாருக்கும் தெரியாது.

அம்மா இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறாள். ஒரே ஒரு விண்ணப்பம் வைத்தேன்: ஃபார்வர்டு படம் வேண்டாம், நீயே ஏதாவது சொல். அதிலிருந்து தினமும் குரல் பதிவு. "எழுந்தாச்சு. கால் வலி தேவலை. பால்காரன் இன்னும் வரலை."

அந்தப் பையனை அடுத்த வெள்ளிக்கிழமை கோவிலில் பார்த்தால் ஒன்று கேட்க வேண்டும். அவன் அம்மா படம் தினமும் எத்தனை மணிக்கு வருகிறது என்று அவனுக்குத் தெரியுமா?