சவூதிக்கு குடும்பத்தை அழைத்துச் செல்ல எவ்வளவு செலவாகும்? முதலில் கணக்கிட வேண்டியது 'லெவி'

சவூதி அரேபியாவில் பணிபுரியும் இந்தியர்கள் மனைவி, குழந்தைகளை அழைத்துச் செல்லத் திட்டமிடும்போது பெரும்பாலும் வாடகையையும் விமானக் கட்டணத்தையும் மட்டுமே கணக்கிடுகின்றனர். ஆனால், பலரது திட்டத்தைப் புரட்டிப் போடுவது 'லெவி' எனப்படும் சார்ந்தோர் கட்டணமே. 2017-ஆம் ஆண்டு நபருக்கு மாதம் 100 ரியாலாகத் தொடங்கிய இக்கட்டணம், ஆண்டுதோறும் உயர்ந்து 2020 ஜூலை முதல் 400 ரியாலாக உள்ளது.

மனைவி, இரு குழந்தைகள் எனில் மாதம் 1,200 ரியால். ஆண்டுக்கு 14,400 ரியால். ஒரு ரியால் 23 ரூபாய் எனக் கொண்டால் சுமார் ரூ.3.31 லட்சம். இத்தொகையை மாதந்தோறும் செலுத்த இயலாது. இக்காமாவைப் புதுப்பிக்கும்போது முன்கூட்டியே செலுத்த வேண்டும். இக்காமாவை மூன்று மாதங்களுக்கு மட்டும் புதுப்பிக்கும் வசதி இருப்பதால், ஒரே தவணையின் சுமையைக் குறைக்கலாம்.

ரியாத்தில் 9,000 ரியால் ஊதியம் பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம் (ஊதியமும் லெவி அல்லாத தொகைகளும் உதாரணத்துக்காக மட்டுமே). லெவி 1,200, வாடகை 2,500, இரு குழந்தைகளின் பள்ளி மற்றும் பேருந்துக் கட்டணம் 1,100, உணவு, மின்சாரம், போக்குவரத்து 2,500 என மாதம் 7,300 ரியால் செலவாகும். ஆண்டு விடுமுறைக்கு நால்வரின் விமானக் கட்டணமாக மாதம் 500 ரியால் ஒதுக்கினால், எஞ்சுவது 1,200 ரியால். ஊரில் உள்ள பெற்றோருக்கு அனுப்புவதும், கடன் தவணையும் இதற்குள்ளேயே அடங்க வேண்டும்.

தனியார் பள்ளிகளின் கட்டணத்துக்கு வெளிநாட்டினர் 15 சதவீத வாட் வரி செலுத்த வேண்டும். எனவே, பள்ளி கூறும் தொகை வரி சேர்ந்ததா என்பதைக் கேட்டறிவது அவசியம்.

மாதக் கணக்கு சரியாக இருந்தாலும், முதல் மாதத்திலேயே சிக்கல் தொடங்கிவிடும். அரையாண்டு வாடகை 15,000, மூன்று மாத லெவி 3,600, மூவரின் ஒருவழி விமானக் கட்டணம் 2,400, வீட்டுச் சாமான்கள் 5,000 என 26,000 ரியால் கையில் இருக்க வேண்டும். இது ஏறக்குறைய மூன்று மாத ஊதியம். பள்ளிச் சேர்க்கைக் கட்டணம் தனி.

ஆவணச் செலவு இதனுடன் ஒப்பிட்டால் சிறியது. அப்போஸ்டில் உடன்படிக்கையில் சவூதி 2022-இல் இணைந்துவிட்டதால், திருமண, பிறப்புச் சான்றிதழ்களுக்கு மாநில அரசின் சான்றொப்பம் பெற்று, வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை பெற வேண்டும். எனினும், இக்காமாவில் உள்ள பணிப் பெயர் குடும்ப விசாவுக்குத் தகுதியானதா என்பதை உறுதிசெய்த பின்னரே இச்செலவில் இறங்குவது நல்லது.

குடும்பம் இந்தியாவுக்கு வந்து தங்கினாலும், இக்காமா நடப்பில் உள்ளவரை லெவி நிற்பதில்லை. மறுநுழைவு விசாவுக்கு இரண்டு மாதங்கள் வரை நபருக்கு 200 ரியாலும், அதன்பின் ஒவ்வொரு மாதத்துக்கும் 100 ரியாலும் கட்டணம். ஆறு மாதம் ஊரில் தங்கினால், மூவருக்கு லெவி 7,200, விசா 1,800 என 9,000 ரியால், அதாவது மேற்கண்டவரின் ஒரு மாத ஊதியம் முழுவதும் செலவாகிவிடும். அதைவிட நீண்டகாலம் தங்குவதாக இருந்தால் 'ஃபைனல் எக்ஸிட்' பெறுவதே சிக்கனம். ஆனால், மீண்டும் அழைத்துவர புதிய விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.