'ஸ்பைக்': ஆய்வை எப்போது நிறுத்துவது?

செயலியில் புதிய கட்டணச் சேவையை இணைக்க முடியுமா? "கொஞ்சம் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று தொடங்கும் ஆய்வு வாரக்கணக்கில் இழுக்கலாம்.

அதற்கு மென்பொருள் குழுக்கள் கையாளும் முறை 'ஸ்பைக்'. முதலில் ஒரே ஒரு கேள்வியை எழுதிவையுங்கள்: "சோதனைக் கணக்கில் 1 வெள்ளி செலுத்தி, அதைத் திருப்பித் தர முடிகிறதா?" பின் நேரத்தைக் குறியுங்கள்: திங்கள் காலை முதல் செவ்வாய் மாலை 5 மணி வரை.

அடுத்து என்ன? அதையும் முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள்.

இரண்டும் நடந்தால் இணைப்பு வேலையைத் தொடங்கலாம். எதுவும் நடக்காவிட்டால் பழைய சேவையே தொடரும். திருப்பித் தருவது மட்டும் பாக்கி என்றால் இன்னும் அரை நாள், ஒரே முறை.

"இன்னும் ஒரு மணி நேரம்" என்று தோன்றுகிறதா? எழுதிய கேள்வியைப் பாருங்க. நீங்கள் தேடுவது வேறொன்றாக மாறியிருந்தால், அது புதிய ஸ்பைக்.