தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா: மாறும் வட்டி வீட்டுக்கடனில் வட்டிப் பங்கு சொல்லும் விடை

2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதம், 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்தை எட்டியது. 2019 அக்டோபருக்குப் பின் வங்கிகள் வழங்கிய மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் வெளி அளவுகோல் ஒன்றோடு, பெரும்பாலும் ரெப்போவோடு, பிணைக்கப்பட்டவை. அதனால் இந்த உயர்வு அதிகத் தாமதமின்றிக் கடன்தாரர் தலையில் இறங்கியது. பல வங்கிகள் மாதத் தவணையைத் தொடாமல் கடன் காலத்தை நீட்டின. வீட்டுச் செலவுக் கணக்கில் எதுவும் மாறாததால், பலர் அதைக் கவனிக்கவே இல்லை.

எது நல்லது என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. தவணையில் வட்டிக்குப் போகும் பங்கு எவ்வளவு என்பதே விடையைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

30 லட்சம் ரூபாய்க் கடன், 7 சதவீத வட்டி, 20 ஆண்டுக் காலம் என்று கொள்வோம். மாதத் தவணை 23,259 ரூபாய். ஓராண்டு கட்டிய பின் நிலுவை ஏறத்தாழ 29.29 லட்சம். அப்போது வட்டி 9.5 சதவீதமாகிறது. (உண்மையில் உயர்வு படிப்படியாகவே வந்தது, கணக்கு எளிதாக இருக்க ஒரே தாவலாக வைத்துக்கொள்கிறேன்.) அந்த மாதத்து வட்டி மட்டும் 23,185 ரூபாய். பழைய தவணையையே கட்டினால் அசலில் கழிவது 74 ரூபாய். இந்த வேகத்தில் கடன் தீர 60 ஆண்டுகளுக்கு மேலாகும். வட்டி இன்னும் சற்று ஏறியிருந்தால் தவணை வட்டிக்கே போதாது. கட்டாத வட்டி அசலில் சேர்ந்து, கடன் கரைவதற்குப் பதில் வளரும்.

எஞ்சிய 19 ஆண்டுகளிலேயே முடிக்க வேண்டுமானால் தவணை ஏறத்தாழ 27,790 ஆக வேண்டும். மாதம் 4,500 ரூபாய் கூடுதல் என்பது நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய சுமை. ஆனால் இந்த இரண்டு முனைகளுக்கும் இடையில்தான் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. தவணையை வெறும் 500 ரூபாய் கூட்டினாலே காலம் 60 ஆண்டுகளிலிருந்து சுமார் 39 ஆண்டுகளாகச் சுருங்குகிறது. 2,240 ரூபாய் கூட்டினால் 25 ஆண்டுகளும் சில மாதங்களும். அதற்கு மேல் இன்னொரு 2,290 ரூபாய் கூட்டினால் மேலும் ஆறு ஆண்டுகள்தான் குறையும். முதலில் கூட்டும் ரூபாய்க்கு இருக்கும் வலிமை பின்னால் கூட்டும் ரூபாய்க்கு இல்லை. வட்டியைக் கட்டிய பின் மிஞ்சும் தொகையே அசலை அடைக்கிறது; அந்த மிச்சம் 74 ரூபாயாக இருக்கும்போது 500 ரூபாய் அதைப் பல மடங்காக்கிவிடுகிறது. ஆகவே முழு உயர்வைத் தாங்க முடியாதவர் தவணையை அப்படியே விடுவது தவறு. முடிந்த அளவு கூட்டி, மீதிக்கு மட்டும் காலத்தை நீட்ட வேண்டும்.

இதே கடனில் ஐந்து ஆண்டுகள் மட்டும் மிஞ்சியிருக்கும்போது அதே வட்டி உயர்வு வந்தால் கதை வேறு. நிலுவை சுமார் 11.75 லட்சம், மாத வட்டி 9,300 ரூபாய். தவணையில் நாற்பது சதவீதம்தான். தவணையை மாற்றாவிட்டால் காலம் ஐந்து மாதம் நீளும், தவணையை உயர்த்தி ஐந்து ஆண்டுகளிலேயே முடிப்பதைவிட மொத்தச் செலவு 26,000 ரூபாய் அளவுக்குக் கூடும். இங்கே காலத்தை நீட்டுவதில் பெரிய கேடில்லை.

நீட்டிப்பை ஆதரிப்போரின் வாதம் ஒன்று வலுவானது. அதிக வட்டி என்பது பணத்தைக் கூடுதல் காலம் கையில் வைத்திருப்பதன் விலை. தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க அபராதமும் இல்லை. எனவே தவணையைக் குறைவாக வைத்து, வசதிப்படும்போது மொத்தமாக அடைக்கலாம் என்பார்கள். அறுவடைக்கோ வியாபாரப் பருவத்துக்கோ ஏற்ப வருமானம் வருகிறவருக்கும், கிரெடிட் கார்டு போன்ற கூடுதல் வட்டிக் கடன் உள்ளவருக்கும் இது சரியே. மாதச் சம்பளக்காரர் விஷயத்தில் இதை நான் ஏற்கவில்லை. மிச்சமாகும் பணம் வரி போக 9.5 சதவீதத்துக்கு மேல் ஈட்டினால்தான் அந்த வாதம் நிற்கும். உறுதியான வைப்புகளில் அது நடப்பதில்லை. நிலுவை குறையாமல் நிற்கும்வரை அடுத்த வட்டி உயர்வின் முழு அடியும் அதன்மேல் விழும். நீட்டிய காலம் ஓய்வு வயதைத் தாண்டினால், சம்பளம் நின்ற பிறகும் தவணை நிற்காது.

ரிசர்வ் வங்கியின் 2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கைப்படி, வட்டி மாறும்போது தவணையைக் கூட்டவோ காலத்தை நீட்டவோ இரண்டையும் கலக்கவோ கடன்தாரருக்கு உரிமை தரப்பட வேண்டும். அசல் வளரும் அளவுக்கு நீட்டிப்பு போகக் கூடாது. காலாண்டு அறிக்கையில், அதுவரை வசூலித்த அசலும் வட்டியும், எஞ்சிய தவணைகளின் எண்ணிக்கையும் இருக்க வேண்டும். இதில் ஒரு குறை உண்டு. அசலில் மாதம் 74 ரூபாய் மட்டும் கழியும் கடனும் விதியை மீறியதாகாது. புதிய வட்டிக்குப் பின் தவணையில் வட்டிப் பங்கு எத்தனை சதவீதம் என்பதையும் வங்கி எழுதித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட வேண்டும். அதுவரை கடன்தாரரே நிலுவையை ஆண்டு வட்டி விகிதத்தால் பெருக்கி, பன்னிரண்டால் வகுத்து, தம் தவணையோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். வட்டி தவணையில் முக்கால் பங்கைத் தாண்டினால், இயன்ற தொகையைத் தவணையில் கூட்டும்படி வங்கிக்கு எழுத்தில் கேளுங்கள்.