கள்ளிப்பூச்சியும் லிப்ஸ்டிக்கும்

கரிசல்காட்டுச் சப்பாத்திக்கள்ளியில் வெள்ளைப் பஞ்சாக ஒட்டும் பூச்சியை நசுக்கினால் விரல் சிவக்கும். லிப்ஸ்டிக்கின் கார்மைன் இதன் இனத்துப் பூச்சியின் சாயமே. 1780களில் மெட்ராஸில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் அதை வளர்க்க நினைத்து, சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். ஆனால் 1795இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்கு வந்ததோ சாயம் குறைந்த காட்டுவகை. வியாபாரம் படுத்தது, பூச்சி கள்ளியைத் தின்றதுதான் மிச்சம்!

இன்று லேபிளில் CI 75470 என்றிருந்தால் கார்மைன். CI 77491 என்றால் இரும்பு ஆக்சைடு. "+/-" குறிக்குப் பின்னால் வருபவை எல்லா ஷேடுகளுக்கும் பொதுவான பட்டியல். உங்கள் ஷேடில் அவை இல்லாமலும் போகலாம். ஈயத்தை எந்த லேபிளும் காட்டாது. அது யாரும் சேர்ப்பதல்ல, நிறமியோடு ஒட்டி வரும் அசுத்தம். நிறமியில் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது இந்திய விதி. தாண்டியதா என்பதைச் சோதனைக்கூடம்தான் சொல்லும்.