ஒரு பழைய ஐம்பது சதம்: வரி வரியாக ஓர் உரை

பழைய நாணயம் ஒன்று கைக்கு வந்ததும் சேகரிப்பில் புதிதாக இறங்கியவர் கேட்கும் முதல் கேள்வி, ‘இது எந்த நாட்டுக் காசு?’ என்பதுதான். அதற்கான விடை பெரும்பாலும் காசின் மேலேயே எழுதியிருக்கும். எதை நம்புவது, எதை நம்பக் கூடாது என்பதில்தான் சிக்கல். அந்தச் சிக்கல் முழுவதும் ஒரே காசில் அமைந்திருப்பதால் 1920ஆம் ஆண்டின் வெள்ளி ஐம்பது சதத்தை இங்கே மூலமாக எடுத்துக்கொள்கிறேன். தேயிலைத் தோட்ட வேலைக்குப் போய்த் திரும்பிய குடும்பங்களின் பழைய பெட்டிகளில் இந்த வரிசைக் காசுகள் இன்றும் அகப்படுவதுண்டு.

மூலம் இதுதான். தலைப் பக்கத்தில் முடி சூடிய அரசர். அவரைச் சுற்றி ஆங்கிலத்தில் ‘ஜார்ஜ் ஃபைவ் கிங் அண்ட் எம்பரர் ஆஃப் இந்தியா’. பூப் பக்கத்தில் ஒரு பனை மரம். ‘சிலோன்’, ‘ஃபிஃப்டி சென்ட்ஸ்’, ‘1920’ என்ற சொற்கள். மதிப்பு சிங்களத்திலும் தமிழிலும். இவை போக, மிகச் சிறியதாக ‘பி’ என்ற ஆங்கில எழுத்து.

‘ஜார்ஜ் ஃபைவ்’

ஐந்து என்பது ரோமன் எண்ணாக, ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவில் இருக்கும். 1910 முதல் 1936 வரை ஆண்டவர். அரசர் பெயர் காலத்தைச் சொல்லும், நாட்டைச் சொல்லாது. இதே தலை லண்டன் பென்னியிலும் உண்டு, கனடா சென்ட்டிலும் உண்டு, நம் ஊர்க் காலணாவிலும் உண்டு. கடைக்காரர்கள் பலர் தலையைப் பார்த்த மாத்திரத்தில் ‘பிரிட்டிஷ் காசு’ என்று ஒரே டப்பாவில் போட்டுவிடுவார்கள். அந்த டப்பாவைக் கிளறினால் நான்கு கண்டங்களும் கிடைக்கலாம்.

‘கிங் அண்ட் எம்பரர் ஆஃப் இந்தியா’

முதல் பொறி இங்கேதான் இருக்கிறது. ‘இந்தியா’ என்று அச்சாகவே இருக்கிறதே, பிறகென்ன சந்தேகம் என்று தோன்றும். ஆனால் இது நாட்டின் பெயர் அல்ல, அரசரின் பட்டம். இந்தியப் பேரரசர் என்ற பட்டத்தைத் தம் ஆட்சிக்குட்பட்ட எல்லா இடங்களிலும் அவர் சூடிக்கொண்டார். மலாய்ப் பகுதியின் ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ், ஹாங்காங், மொரிஷியஸ் காசுகளில் இதே வாசகம் இருக்கிறது. நடு அமெரிக்காவில் இருந்த பிரிட்டிஷ் ஹோண்டுராஸ் காசில்கூட இருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிரிட்டிஷ் இந்தியாவின் சொந்தக் காசில் இந்த வாசகம் கிடையாது. அக்காலத்து இந்திய ரூபாயை எடுத்துப் பாருங்கள். தலைப் பக்கத்தில் ‘ஜார்ஜ் ஃபைவ் கிங் எம்பரர்’ என்பதோடு நின்றுவிடும். ‘இந்தியா’ என்ற பெயர் பூப் பக்கத்தில், மதிப்போடும் ஆண்டோடும் சேர்ந்து வரும். இந்தியாவுக்குள் ‘இந்தியாவின் பேரரசர்’ என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று விட்டார்களோ என்னவோ. காரணம் எதுவாக இருந்தாலும் நமக்கு ஒரு நல்ல அளவுகோல் கிடைக்கிறது: ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் தலைகளைச் சுற்றி ‘ஆஃப் இந்தியா’ என்று ஆங்கிலத்தில் இருந்தால், அது இந்தியக் காசு அல்ல.

இங்கிலாந்தின் சொந்தக் காசிலும் இந்தப் பட்டம் உண்டு, ஆனால் லத்தீன் சுருக்கமாக, ‘இண்ட் இம்ப்’ என்று வரும். அங்கே வேறொரு தொல்லை. பழைய பென்னியின் பூப் பக்கத்தில் ‘ஒன் பென்னி’ என்றும் ஆண்டும் மட்டும்தான் எழுதியிருக்கும். நாட்டின் பெயர் தனியாக இராது. அங்கே நாட்டைச் சொல்வது கேடயமும் சூலமும் ஏந்தி உட்கார்ந்திருக்கும் பிரிட்டானியா என்ற பெண்ணுருவம்.

கழுத்தின் கீழ் ‘பி. எம்.’

அரசரின் மார்பளவு உருவம் வெட்டுப்படும் விளிம்பில், லென்ஸ் வைத்துப் பார்த்தால், சில காசுகளில் ‘பி. எம்.’ என்ற இரண்டு எழுத்துகள் தெரியும். ‘பம்பாய் மிண்ட்’ என்று விரித்துப் படிக்கக் கை துறுதுறுக்கும். இது உருவத்தைச் செதுக்கிய பெர்ட்ரம் மெக்கன்னல் என்ற சிற்பியின் பெயர் முதலெழுத்து. நாணயச்சாலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. தலையோடு ஒட்டிய எழுத்து பெரும்பாலும் கலைஞருடையதாக இருக்கும் என்று முதலில் சந்தேகப்படுவது நல்லது.

‘சிலோன்’

விடை இந்த ஒரு சொல்தான். காசைத் தன் பெயரில் வெளியிட்ட நிர்வாகம் எது என்பதை இதுவே சொல்கிறது. மதிப்பு எழுதிய பக்கத்தில் அதோடு சேர்ந்து எந்த இடப்பெயர் வருகிறதோ அதை முதலில் தேடுங்கள். தலைப் பக்கம் அரசருடையது. மதிப்புப் பக்கம்தான் அந்தப் பணத்துக்குப் பொறுப்பேற்பவருடையது. காசைக் கையில் வாங்கியதும் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதையே பழக்கமாக்கிக்கொள்ளலாம்.

‘ஃபிஃப்டி சென்ட்ஸ்’

பெயர் தேய்ந்துபோன காசில் மதிப்பு கைகொடுக்கும். அன்றைய இந்தியாவில் சென்ட் கிடையாது; அணா, பைசா, பை என்ற கணக்குதான். நூறாகப் பகுக்கும் முறை 1957இல்தான் இங்கே வந்தது. இலங்கையிலோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ரூபாயை நூறு சதமாகப் பிரித்துவிட்டார்கள். ஆக, சென்ட் என்ற சொல் ஒன்றே இந்தியாவை விலக்கிவிடுகிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து இலங்கைக் காசு வரிசை ஐம்பது சதத்தோடு முடிந்துவிடும். ஒரு ரூபாய்க் காசு அதில் இல்லை. அங்கே இந்திய வெள்ளி ரூபாயே செல்லுபடியான பணமாக ஏற்கப்பட்டிருந்தது. இலங்கை தன் பெயரில் ஒரு ரூபாய் நாணயத்தை வெளியிட்டது 1957இல்தான். எனவே ‘இது ஐந்தாம் ஜார்ஜ் கால இலங்கை ஒரு ரூபாய்’ என்று யாராவது நீட்டினால் கையை மடக்கிக்கொள்ளலாம்.

பனை மரம்

இது நம் ஊர்ப் பனை அல்ல. தாளிப்பனை என்றும் குடைப்பனை என்றும் சொல்வார்கள். அகலமான விசிறி ஓலையும், வாழ்நாளில் ஒரே முறை உச்சியில் பூத்துவிட்டுப் பட்டுப்போகும் இயல்பும் கொண்டது. விக்டோரியா காலத்திலிருந்தே இலங்கைச் சதங்களில் இந்த மரம் நின்றது. அதனால் எழுத்தெல்லாம் மழுங்கி, நடுவில் மரம் மட்டும் மேடாகத் தடவுப்படும் காசிலும் இலங்கை என்று ஊகிக்க முடியும். ஊகம்தான், உறுதி அல்ல. பனையும் தென்னையும் வெப்ப நாடுகள் பலவற்றின் காசுகளில் உண்டு. மரத்தோடு இன்னொரு சான்றாவது சேர வேண்டும். அந்தச் சான்று அடுத்த வரியில் இருக்கிறது.

‘சதம்’

பூப் பக்கத்தில் தமிழ் எழுத்தைக் கண்டதும் தமிழ்நாட்டுக்காரருக்கு ‘நம்ம காசு’ என்றே படும். இரண்டாவது பொறி இது. இந்தியா முழுமைக்கும் ஒரே மாதிரி நாணயம் 1835இல் வந்தது. அதற்கு முன் சென்னை மாகாணத்துக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்த சில காசுகளில் தமிழ் இருந்தது. பிறகு வந்த வெள்ளி ரூபாயில் ஆங்கிலமும் பாரசீக எழுத்தும்தான். 1906க்குப் பிறகு வந்த நிக்கல் கலப்பு அணாக் காசில் நாகரி, வங்காளம், தெலுங்கு, உருது என்று நான்கு எழுத்துகளைச் சேர்த்தார்கள், தமிழைச் சேர்க்கவில்லை. புதுக்கோட்டை அம்மன் காசில்கூட ‘விஜய’ என்பது தெலுங்கில்தான் இருக்கிறது.

ஆகவே நவீனக் காலத்துப் புழக்கக் காசில் தமிழ் இருந்தால் இந்தியாவைத் தாண்டித் தேட வேண்டும். பக்கத்தில் சிங்கள எழுத்தின் வட்டச் சுழிகள் இருந்தால் இலங்கை. ‘சிங்கப்பூர்’ என்றே தமிழில் எழுதியிருந்தால் கேள்விக்கே இடமில்லை. நம் காசைப் பொறுத்தவரை, தமிழும் சிங்களமும் பனை மரமும் சேர்ந்துவிட்டால் ‘சிலோன்’ என்ற சொல் முழுக்க அழிந்திருந்தாலும் நாடு தெரிந்துவிடும்.

‘1920’

ஆண்டைப் பார்த்ததும் பட்டியலைத் திறக்கலாம். 1919இலிருந்து இந்த வரிசையில் வெள்ளியின் பங்கு ஆயிரத்துக்கு 800இலிருந்து 550ஆகக் குறைந்தது. பாதிக்கு அருகில் வேறு உலோகம் இருப்பதால், தேய்ந்த இடங்களில் லேசான மஞ்சள் சாயல் ஏறலாம். அந்த நிறத்தைக் கண்டு போலி என்று தள்ளிவிட வேண்டாம்.

‘பி’

மூன்றாவது பொறி. பட்டியல்களில் 1919, 1920, 1921ஆம் ஆண்டுகளின் இலங்கை வெள்ளிச் சதங்கள் ‘பி’ சேர்த்தே குறிக்கப்படுகின்றன. இந்த ‘பி’ உண்மையாகவே பம்பாய்தான். இந்தக் காசு இந்தியாவில் அடிக்கப்பட்டது. ஆனாலும் இலங்கைக் காசு. நாணயச்சாலைக் குறி, அதாவது மிண்ட் மார்க், அச்சடித்த பட்டறையைச் சொல்கிறது. பணத்துக்கு உரியவரைச் சொல்வதில்லை. கல்யாணப் பத்திரிகையின் கீழே அச்சகத்தின் பெயர் இருப்பது போலத்தான் இது. அதைப் பார்த்து மாப்பிள்ளை வீடு எது என்று யாரும் முடிவு செய்வதில்லை.

ஆங்கில ‘எச்’ எழுத்து இதற்கு இன்னும் பெரிய சாட்சி. பர்மிங்ஹாமில் இருந்த ஹீட்டன் என்ற தனியார் பட்டறையின் குறி அது. 1912ஆம் ஆண்டின் சதுர ஐந்து சதத்தில் இருக்கிறது. கனடாக் காசுகளில் இருக்கிறது. அதே 1912இல் வந்த இங்கிலாந்துப் பென்னியிலும் ஆண்டுக்கு இடப் பக்கம் இருக்கிறது. மூன்று நாடு, ஒரே எழுத்து. இன்றைய இந்தியக் காசிலும் இதே கதைதான். ஆண்டுக்குக் கீழே வைர வடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமில்லை என்றால் கொல்கத்தா. ஆனால் 1990களின் பிற்பகுதியில் காசுத் தட்டுப்பாட்டின்போது வெளிநாடுகளிலும் அடித்து வாங்கினார்கள். அவற்றில் மெக்சிகோவின் ‘எம்’ மேல் சிறிய ‘ஓ’ வைத்த குறியோடு ஒரு ரூபாய்க் காசுகள் உண்டு. சிங்க முகமும் ‘பாரத்’ என்ற பெயரும் இருக்கும் அந்தக் காசை மெக்சிகோ பக்கத்தில் ஒட்டிவைத்தால் ஆல்பமே சிரிக்கும்.

குறி இல்லாமல் இருப்பதும் ஒரு செய்திதான். லண்டன் ராயல் மிண்ட் பொதுவாகத் தன் குறியைப் போட்டதில்லை. இந்தியாவில் கொல்கத்தாவும் அப்படியே. எனவே குறி இல்லாத காசுக்குப் பட்டறையைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் முதலில் நாடும் ஆண்டும் தெரிந்திருக்க வேண்டும். வரிசையைத் தலைகீழாக்கி, குறியிலிருந்து நாட்டுக்குப் போக முயன்றால் வழி தவறும்.

இந்தச் சிறு எழுத்துகளைப் படிக்கப் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். வெளிச்சத்தை நேர் மேலிருந்து அடிக்காமல், காசின் விளிம்புக்கு அருகே சாய்வாக வையுங்கள். கைப்பேசி டார்ச்சே போதும். மழுங்கிய எழுத்தின் நிழல் ஒரு பக்கமாக விழும். பிறகு காசை மெதுவாகச் சுழற்றினால் ஒரு கோணத்தில் தெரியாத கோடு இன்னொரு கோணத்தில் தெரியும். தெரியவில்லையே என்று புளி, சாம்பல், பற்பசை எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்கைத் துலக்கும் கை, மயிரிழை உயரம்கூட இல்லாத அந்த ‘பி’யைத்தான் முதலில் அழித்துவிடும். அது போனபின் காசு பம்பாயில் அடித்ததா என்பதைப் பட்டியலை வைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்த உரையைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்ததாக 1943ஆம் ஆண்டின் மஞ்சள் நிற ஐம்பது சதத்தைப் படித்துப் பார்க்கலாம். அதில் பனை மரம் இல்லை, கிரீடம்தான் இருக்கிறது. தலைப் பக்கத்தில் ஆறாம் ஜார்ஜ், இன்னும் ‘ஆஃப் இந்தியா’. 1951ஆம் ஆண்டின் காசில் அதே அரசர் ‘கிங் ஜார்ஜ் தி சிக்ஸ்த்’ மட்டுமே. பட்டம் 1948இல் போய்விட்டது. இரண்டிலும் ‘சிலோன்’ மாறவில்லை.